ஒரு முள், இரண்டு மீட்டர்கள்

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்து மேசையில் இருக்கும் கால்வனாமீட்டரின் முகப்பை உற்றுப் பார்த்தால் ஒரு குறை தெரியும். நடுவில் சுழி, அதற்கு இரு பக்கமும் 30 வரை பிரிவுகள், அவ்வளவுதான். அந்த 30 எதன் 30 என்று எங்கும் எழுதியிருக்காது. ஆம்பியரும் இல்லை, வோல்ட்டும் இல்லை. மின்னோட்டம் போகிறதா, எந்தப் பக்கம் போகிறது, முன்பைவிடக் கூடுதலா குறைவா என்பதை மட்டும் அது சொல்லும். அதே கருவியோடு ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்தால் அம்மீட்டர் ஆகிவிடும். கடையில் வாங்கிய ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் வோல்ட்மீட்டர் ஆகிவிடும். தேர்வில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே உழைப்பு இல்லை.

பெட்டிக்குள் ஒரு நிலைக்காந்தம். அதன் முனைகளுக்கு நடுவே மெல்லிய தாமிரக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள். சுருளோடு ஒட்டியது முள். சுருளின் மேலும் கீழும் மயிரிழை போன்ற இரண்டு சுருள்வில்கள். மின்னோட்டம் உள்ளே வருவதும் வெளியே போவதும் இவற்றின் வழியாகத்தான். மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் சுருளைத் திருப்பும், வில் எதிர்த்து இழுக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். மின்னோட்டம் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும். இந்த அமைப்பை 1882-இல் பிரான்சில் தார்சன்வால் உருவாக்கினார். அதை எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, அளவு மாறாத மீட்டராக 1888-இல் அமெரிக்காவில் செய்து காட்டியவர் எட்வர்ட் வெஸ்டன். ஆய்வகக் கருவியை இன்றும் வெஸ்டன் வகை என்றே சொல்கிறோம். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

மாற்றுவதற்கு முன் அந்தக் கருவியைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முள்ளை ஒரு பிரிவு நகர்த்த எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? சுருளின் மின்தடை எவ்வளவு? மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து நேராகத் தொட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முள் வகை மல்டிமீட்டர் குறைந்த ஓம் நிலையில் பல மில்லிஆம்பியரை வெளியே அனுப்பும். கால்வனாமீட்டரின் முள் கடைசித் தடுப்பில் போய் மோதி வளைந்துவிடும்.

அதனால்தான் அரைவிலகல் முறை. ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு சாவி, ஒரு மின்தடைப் பெட்டி, கால்வனாமீட்டர் எல்லாவற்றையும் ஒரே தொடராக இணைக்கிறோம். பித்தளைச் செருகிகள் கொண்ட பழைய பெட்டியில் செருகியைப் பிடுங்கினால்தான் மின்தடை சேரும். எல்லாச் செருகியும் உள்ளே இருந்தால் பெட்டியின் தடை சுழி. இதை நினைவில் வைக்காமல் சாவியை அழுத்தித்தான் பல கால்வனாமீட்டர்கள் போயிருக்கின்றன. முதலில் 5,000 ஓம் எடுத்துவிட்டுச் சாவியை அழுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 2,900 ஓம் இருக்கும்போது முள் 25-இல் நிற்கிறது. இப்போது இரண்டாவது மின்தடைப் பெட்டியைக் கால்வனாமீட்டருக்குப் பக்க இணைப்பாகச் சேர்த்து, முள் சரிபாதியான 12.5-க்கு இறங்கும்வரை அதை மாற்றுகிறோம். 97 ஓமில் இறங்குகிறது. மின்னோட்டம் பாதிப் பாதியாகப் பிரிந்துவிட்டது, ஆகவே சுருளின் தடையும் 97 ஓம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டாவது பெட்டி சேர்ந்ததும் சுற்றின் மொத்தத் தடை சற்றுக் குறைந்து, செல்லிலிருந்து வரும் மின்னோட்டமும் சற்றுக் கூடிவிட்டது. அதனால் முள் பாதிக்கு வந்தபோது சுருளுக்குக் கிடைத்தது புதிய மொத்தத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அதைச் சரிக்கட்டும் வாய்பாடு இது:

G = RS / (R − S)

இதில் R 2,900, S 97. விடை 100 ஓம். 3 சதவீத வித்தியாசம் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

இனி முதல் கேள்வி. 1.5 வோல்ட்டை மொத்தத் தடையான 3,000 ஓமால் வகுத்தால் 500 மைக்ரோஆம்பியர். முள் நின்றது 25-இல். ஆக ஒரு பிரிவுக்கு 20 மைக்ரோஆம்பியர். 30 பிரிவு முழுதும் நகர 600 மைக்ரோஆம்பியர், அதாவது 0.6 மில்லிஆம்பியர். ஒரு சாதாரண டார்ச் பல்பு 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்றால் அது இதைப் போல 500 மடங்கு. பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை ஏற்றுகிற கதைதான்.

0.6 மில்லிஆம்பியர் 100 ஓம் சுருளில் பாயும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 0.06 வோல்ட், அதாவது 60 மில்லிவோல்ட் இருக்கும். இந்தக் கருவியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 60 மில்லிவோல்ட் கொடுத்தால் முள் 30-க்குப் போகும். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. மாற்றுவது என்றால், நாம் அளக்க விரும்பும் பெரிய அளவு வரும்போது சுருளுக்குச் சரியாக இந்த 60 மில்லிவோல்ட் மட்டும் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்வது.

வோல்ட்மீட்டர் ஆக்குவது சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். 3 வோல்ட் வரை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் கொடுக்கும்போது 0.6 மில்லிஆம்பியர் மட்டும் ஓட வேண்டுமானால் மொத்தத் தடை 5,000 ஓம் இருக்க வேண்டும். சுருளிடம் 100 இருக்கிறது. மீதி 4,900 ஓமைத் தொடராகச் சேர்த்தால் போதும். கடையில் 4.7 கிலோஓம் ஒன்றும் 200 ஓம் ஒன்றும் வாங்கி அடுத்தடுத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. ஒரு சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் என்றால் மீட்டரின் பிழையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இணைப்பில் திருகு சற்றுத் தளர்ந்து நூறில் ஒரு பங்கு ஓம் கூடினாலும் 4,900-இல் அது தெரியவே தெரியாது. முகப்பில் ஒரு பிரிவு இப்போது 0.1 வோல்ட்.

கூடுதல் வோல்ட்டேஜுக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 300 வோல்ட் டி.சி. அளக்கக் கணக்கு 5 லட்சம் ஓம் கேட்கும். சூடு 0.18 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்று தோன்றும். ஆனால் ரெசிஸ்டருக்கு வாட் எல்லை இருப்பதுபோல வோல்ட்டேஜ் எல்லையும் உண்டு. கால் வாட் வகைக்கு அது பெரும்பாலும் 250 வோல்ட் அளவில்தான். தடையை இரண்டு மூன்று ரெசிஸ்டர்களாகப் பிரித்து வரிசையாகப் போட்டால் ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் தாங்கும். இன்னொன்று, இந்த மீட்டரை வீட்டு மின்சாரத்தில் ஒருநாளும் வைக்கக் கூடாது. ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை சுற்றி வருவதால் முள் எந்தப் பக்கமும் போக முடியாமல் சுழியிலேயே லேசாக அதிரும். மின்சாரம் இல்லை என்று நினைத்து யாராவது கம்பியைத் தொட்டுவிடுவார்கள்.

அளவு சரியாக வந்தும் வோல்ட்மீட்டர் ஏமாற்றுவதுண்டு. 3 வோல்ட் பேட்டரிக்குக் குறுக்கே 5,000 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றிலும் 1.5 வோல்ட் இருக்கும். நாம் செய்த வோல்ட்மீட்டரை அதில் ஒன்றின் மேல் வைத்தால் முள் 10-இல் நிற்கும், அதாவது 1.0 வோல்ட். மீட்டர் பழுதாகவில்லை. அதன் தடையும் 5,000 ஓம் என்பதால், அது தொட்ட ரெசிஸ்டரோடு பக்க இணைப்பாகி அந்த இடத்தின் தடையை 2,500 ஆக்கிவிட்டது. 3 வோல்ட் இப்போது 2,500-க்கும் 5,000-க்கும் இடையே பங்காகிறது. முள் காட்டிய 1.0 வோல்ட் உண்மைதான், மீட்டர் இருக்கும்வரை. எடுத்துவிட்டால் மறுபடி 1.5. கண்டுபிடிக்க ஒரு வழி, அதே இடத்தில் இன்னொரு வோல்ட்மீட்டரையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. முதல் மீட்டரின் முள் இறங்கினால், அது ஏற்கெனவே சுற்றைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். நம் மீட்டர் வோல்ட்டுக்கு 1,667 ஓம். நல்ல முள் வகை மல்டிமீட்டர்களின் முகப்பில் வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுதான். அவற்றின் சுருள் 50 மைக்ரோஆம்பியரிலேயே முழு விலகல் காட்டிவிடும்.

இனி அம்மீட்டர். அதே முள்ளை 3 ஆம்பியர் வரை அளக்க வைக்க வேண்டும். 3 ஆம்பியரில் 0.6 மில்லிஆம்பியர் சுருளுக்கு, மீதி முழுவதும் பக்கத்தில் போடும் வேறு வழிக்கு. அந்த வழியைப் பாடநூல் இணைத்தடம் என்கிறது, பட்டறையில் ஷண்ட் என்பார்கள். அதன் குறுக்கே 60 மில்லிவோல்ட் விழ வேண்டும். 0.06-ஐ 2.9994-ஆல் வகுத்தால் 0.020004. சுருக்கமாக 0.02 ஓம். விடைத்தாளில் இதோடு கணக்கு முடிகிறது, மேசையில் இங்கேதான் வேலையே ஆரம்பம்.

0.02 ஓம் ரெசிஸ்டரைப் பக்கத்துக் கடையில் கேட்டால் எளிதில் கிடைக்காது. கம்பியில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் 30 கேஜ் தாமிரக் கம்பி 0.315 மி.மீ. விட்டம் கொண்டது, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.22 ஓம். நமக்கு வேண்டியது 9 சென்டிமீட்டர். வெட்டி, கால்வனாமீட்டரின் இரண்டு திருகுகளிலும் மாட்டி முறுக்குகிறோம். திருகுக்கு அடியில் எவ்வளவு கம்பி மறைந்தது? ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் என்று வைத்தாலும் மொத்தம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வராமல் போகிறது. 9-இல் ஒன்று, 11 சதவீதம். அதனால் இரு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டி, திருகுக்கும் திருகுக்கும் இடைப்பட்ட நீளத்தை மட்டும் 9 சென்டிமீட்டராக வைக்க வேண்டும். கம்பியின் எனாமலைச் சுரண்டாமல் மாட்டினால் அது தனிக் கூத்து. ஷண்ட் இல்லாத நிலைதான். முழு மின்னோட்டமும் சுருளுக்குப் போய், மயிரிழை வில் ஒரு நொடியில் கருகிவிடும்.

சரியாக மாட்டி 3 ஆம்பியர் விட்டுப் பார்த்தால் இன்னொன்று நடக்கும். முள் முதலில் ஓரிடத்தில் நின்று, பிறகு மெதுவாக மேலே ஊரும். மின்னோட்டம் கூடவில்லை, தொடரில் உள்ள இன்னொரு அம்மீட்டர் அசையாமல் இருக்கிறது. மெல்லிய கம்பி சூடாகிறது, அவ்வளவுதான். தாமிரத்தின் தடை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். ஷண்டின் தடை ஏறினால் அதன் குறுக்கே வோல்ட்டேஜும் ஏறும், சுருள் அதை மின்னோட்டம் கூடியதாக எடுத்துக்கொள்ளும்.

பாதி மருந்து எளியது. தடிமனான கம்பிக்கு மாறுவது. 20 கேஜ் தாமிரக் கம்பியில் அதே 0.02 ஓமுக்கு 76 சென்டிமீட்டர் வேண்டும். நீளம் கூடியதால் திருகடியில் போகும் ஒரு சென்டிமீட்டர் இப்போது 1.3 சதவீதம்தான். அதே 0.18 வாட் சூடு பெரிய பரப்பில் பரவுவதால் கம்பியும் குளிர்ந்தே இருக்கும். 9 சென்டிமீட்டர் கம்பியை மாணவர்களுக்குக் கொடுத்துச் செய்யச் சொல்வதைவிட இதைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பார்ப்பதற்கு அழகாக இராது, அளவு சரியாக வரும். சரிபார்ப்பும் சுலபம். நம்பகமான ஒரு அம்மீட்டரோடு தொடராக வைத்து, நம் முள் அதிகம் காட்டினால் கம்பியைச் சற்றுக் குறுக்கலாம். குறைவாகக் காட்டினால் நீட்டலாம்.

மீதிப் பாதியைத் தீர்த்தவர்தான் வெஸ்டன். தாமிரத்தோடு மாங்கனீசும் நிக்கலும் கலந்த மாங்கனின் என்ற உலோகக் கலவையை அவர் உருவாக்கினார். வெப்பம் ஏறினாலும் அதன் தடை அநேகமாக மாறாது. ஷண்ட் என்றால் இன்றைக்கும் பெரும்பாலும் மாங்கனின்தான்.

ஆனால் மாங்கனின் ஷண்டைப் போட்டதும் இதுவரை மறைந்திருந்த ஒரு பிழை வெளியே வரும். சுருள் இன்னும் தாமிரம்தானே. காலையில் 25 டிகிரியில் சரிபார்த்த மீட்டர் மதியம் அறை 35 டிகிரி ஆனதும் 3 ஆம்பியருக்கு 2.9 காட்டும். ஷண்ட் அதே 60 மில்லிவோல்ட்டைத்தான் தருகிறது. சுருளின் தடை 100-லிருந்து 104 ஆகிவிட்டதால் முள்ளுக்குப் போகும் மின்னோட்டம் குறைந்துவிட்டது. வோல்ட்மீட்டரில் இந்தத் தொல்லை ஏன் தெரியவில்லை என்றால், அங்கே 5,000 ஓமில் தாமிரத்தின் பங்கு வெறும் 100. 4 ஓம் கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட இல்லை. அதே உபாயத்தை அம்மீட்டருக்கும் செய்யலாம். சுருளோடு தொடராக 300 ஓம் மாங்கனின் கம்பியைச் சேர்த்து, மொத்தத்தை 400 ஆக்கினால் பிழை நாலில் ஒன்றாகக் குறையும். பதிலுக்கு முழு விலகலுக்கு 60 மில்லிவோல்ட் போதாது, 240 வேண்டும், ஷண்டும் 0.08 ஓம் ஆகும். அளக்கப்படும் சுற்றிலிருந்து கால் வோல்ட்டை மீட்டரே எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரிச் சுற்றில் அது பரவாயில்லை, ஒற்றைச் செல்லில் ஓடும் சுற்றில் அது பெரிய இழப்பு. மீட்டர் செய்பவர்கள் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளியில்தான் சமரசம் செய்துகொள்கிறார்கள்.

நூறு ஆம்பியர் அளவுக்குப் போகும்போது ஷண்ட் மீட்டருக்குள் இருக்காது. முலாம் பூசும் பட்டறைகளிலும் பெரிய பேட்டரி சார்ஜர்களிலும் அதைத் தனியாகப் பார்க்கலாம். இரு பக்கமும் கனமான பித்தளைக் கட்டிகள், நடுவில் அவற்றை இணைக்கும் மாங்கனின் பட்டைகள். மேலே 100 A / 75 mV என்று பொறித்திருக்கும்: 100 ஆம்பியர் போகும்போது 75 மில்லிவோல்ட் தரும் என்று பொருள். தடை 0.00075 ஓம். பட்டையின் ஓரத்தில் வாளால் கீறியது போல ஒரு சிறு வெட்டு இருந்தால் அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். தடையை அளவாக ஏற்றுவதற்குத் தயாரிப்பாளர் அறுத்த இடம் அது.

ஒவ்வொரு கட்டியிலும் ஒரு பெரிய போல்ட்டும் ஒரு சிறிய திருகும் இருக்கும். மின்னோட்டக் கேபிளுக்குப் போல்ட், மீட்டருக்குப் போகும் மெல்லிய வயருக்குத் திருகு. ஏன் தனித்தனியாக? கேபிள் முனைக்கும் போல்ட்டுக்கும் இடையே தொடுதடை பத்தாயிரத்தில் ஒரு ஓம் இருந்தாலே 100 ஆம்பியரில் அங்கே 10 மில்லிவோல்ட் விழும். மீட்டர் வயரையும் அதே போல்ட்டில் கேபிள் முனைக்கு மேல் மாட்டினால் அந்த 10-ம் சேர்ந்து முள் 113 ஆம்பியருக்கு ஓட முயலும். திருகில் மாட்டினால் பட்டையில் விழும் 75 மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். மீட்டர் வயரில் ஓடுவது சில மில்லிஆம்பியரே என்பதால் திருகின் தொடுதடை பெரிதாகப் பாதிக்காது. திருகு கழன்று போனாலும் முள் சுழிக்கு வருமே தவிர சுருள் கருகாது.

பழுது பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு இடங்கள். பேனலை இடம் மாற்றி, ஷண்டோடு வந்த வயருக்குப் பதிலாக நீளமான மெல்லிய வயர் போட்டிருக்கிறார்களா? 75 மில்லிவோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் எடுக்கும் மீட்டரின் தடை வெறும் 15 ஓம். போகவர வயரில் ஒன்றரை ஓம் கூடினாலே முள் 9 சதவீதம் குறைத்துக் காட்டும். அடுத்து, மீட்டர் முகப்பின் மூலையில் பொடி எழுத்தில் உள்ள மில்லிவோல்ட் எண்ணும் ஷண்டில் பொறித்த எண்ணும் ஒன்றா? நம் கால்வனாமீட்டர் போல 60 மில்லிவோல்ட்டுக்குச் செய்த மீட்டரை 75 மில்லிவோல்ட் ஷண்டில் மாட்டினால், 80 ஆம்பியர் போகும்போதே முள் 100-ஐத் தொட்டுவிடும். மீட்டரை மாற்றியும் பயன் இல்லை என்று புலம்புகிற பல இடங்களில் மாற்ற வேண்டியது மீட்டர் இல்லை, மாட்டியிருக்கும் ஜோடி.